ஒன்பது மணி விருந்தினர்

கடிதத்தை எழுதியது நான்தான். பள்ளி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். சிறப்பு விருந்தினர்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார்கள். அதனால் பெற்றோர்களுக்குப் பத்து மணி என்றால், விருந்தினருக்கு ஒன்பது என்று எழுதுவேன். இதுவரை யாரும் ஏமாந்ததில்லை.

இந்த முறை ஆண்டு விழாவோடு தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். மேடையில் ஒரு பெரிய மனிதர் தன்னை நாலு வார்த்தை புகழ வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. விருந்தினரின் பங்கு என்னவென்று தலைமையாசிரியரே சொல்லச் சொல்ல எழுதினேன்.

'9.00 வருகை. 9.15 சிறப்புரை. 9.30 முப்பத்தோரு வருடம் இப்பள்ளிக்கு உழைத்தவரும், தினமும் முதலில் வந்து கடைசியில் போகிறவருமான ஒருவரைப் பாராட்டி நினைவுக் கேடயம் வழங்குதல். 9.40 தங்கள் பங்கு நிறைவு.'

"உங்க பேரு சார்?"

"நம்ம பேரை நாமளே போட்டா அசிங்கம்யா. வந்தா பார்த்துத் தெரிஞ்சுக்குவாரு."

விருந்தினர் ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. 'கடிதத்தில் உள்ளபடி வருகிறேன்' என்று பதில் போட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நானும் தலைமையாசிரியரும் ஒன்பது ஐம்பதுக்கு அரங்கில் நுழைந்தோம். நாற்காலிகள் காலி. துப்புரவு செய்யும் அக்கா மட்டும் ஒரு கையில் துடைப்பம், மறு கையில் கேடயத்தோடு மேடையில் நின்றார்.

"வந்துட்டுப் போயிட்டாரு சார்."

"எங்க போனாரு?"

"கடிதாசியப் பார்த்தாரு, கடிகாரத்தப் பார்த்தாரு, மைக் முன்னாடி நின்னு கால் மணி நேரம் பேசினாரு. நான் ஒருத்திதான் கேட்டேன். அப்புறம், 'எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறீங்க?'ன்னாரு. முப்பத்தொண்ணுன்னேன். 'முதல்ல வர்றது யாரு?' நான். 'கடைசியில போறது?' அதுவும் நான்தான். பொய் சொல்ல முடியுமா சார்? உடனே மைக்குல என்னைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசி, மேசை மேல இருந்த கேடயத்த என் கையில குடுத்துட்டாரு."

தலைமையாசிரியரின் முகம் செத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் தினமும் பத்து மணிக்குத்தான் வருவார் என்பது எனக்கும் தெரியும்.

பத்தரைக்குள் அரங்கு நிரம்பிவிட்டது. தலைமையாசிரியர் அக்காவின் காதில் ஏதோ கெஞ்சினார். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"விருந்தாளி ஐயா இதை என் கையில குடுத்தாரு. சார் கேக்குறாரு, குடுத்துடுறேன்." கேடயத்தை நீட்டினார். "ஆனா அவரு என்னைப் பத்திப் பேசினாரே, அதைத் திருப்பிக் குடுக்க மாட்டேன். முப்பத்தோரு வருஷத்துல அதான் முதல் தடவை."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. தலைமையாசிரியர் அதை வாங்கவில்லை. கீழே இறங்கி, முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் கை தட்ட ஆரம்பித்தார்.