வரியும் வரிசையும்

பதினொன்று ஐம்பதுக்கு அந்தக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்து சேர்ந்தது. மாலையில் அடக்கம், இன்றைக்கே போட்டாக வேண்டும். 'அந்திக்குரல்' மாலை நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் அது உட்கார வேறு இடம் இல்லை. மூன்று பத்தி அகலத்தில் இருந்த கார்ட்டூனை இரண்டு பத்தியாகச் சுருக்கச் சொல்லிவிட்டார் செய்தி ஆசிரியர் தேவசகாயம். பன்னிரண்டே காலுக்குப் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் பக்கத்தின் துணை ஆசிரியர் பொற்கொடிதான். கார்ட்டூன் இருளப்பன் வரைந்தது. அதன் கீழே அவர் எழுதிக் கொடுத்த வரி இது:

'தண்ணீர் வரியை ஒழுங்காகக் கட்டினோம். இப்போது தண்ணீருக்கு வரிசை கட்டி நிற்கிறோம்.'

மூன்று பத்தியில் அது இரண்டு வரியாக நின்றது. இரண்டு பத்தியில், மிஞ்சுகிற ஒரு வரி இடத்தில், பாதிகூடக் கொள்ளாது.

வெட்டுவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்ததை அவள் மறக்கவில்லை. குப்பை மலைக்கு நடுவில் நகராட்சிக் கூட்டம் நடக்கிற மாதிரி ஒரு படம். 'கூட்டம் கூட்டினார்கள், குப்பையைக் கூட்டவில்லை' என்று இருளப்பன் எழுதியிருந்தார். யாரோ அதை 'கூட்டம் நடத்தினார்கள்; குப்பையை அகற்றவில்லை' என்று திருத்தி அனுப்பிவிட்டார்கள். இலக்கணப்படி எந்தக் குறையும் இல்லை. சிரிக்கத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் இருளப்பன் அலுவலகத்துக்கே வந்து, "இன்னொரு தடவ என் வார்த்தைல கை வெச்சா, அதோட என் படம் இந்தப் பேப்பர்ல வராது" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சத்தம் போடாததுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

பொற்கொடி அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"படத்த எங்க வெட்டணும், சொல்லுங்க" என்றார் பக்கம் வடிவமைக்கிற ரஹ்மத்துல்லா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல வெட்டவா, பக்கவாட்டுல வெட்டவா?"

படத்தில் ஒரு குழாய், அதன் முன்னால் குடங்களோடு நீண்ட வரிசை. வரிசையில் முதலில் நிற்கிற பெண் கையில் வரி ரசீது வைத்திருக்கிறாள்.

"ரசீதத் தொடாதீங்கண்ணே. அது போனா 'வரி'ங்கிற சொல்லுக்குப் படத்துல பிடிமானமே இருக்காது. வரிசையோட வாலு கொஞ்சம் போகட்டும். மேல வானம் பூரா எடுத்துருங்க."

ரஹ்மத்துல்லா படத்தை வெட்டி எழுத்தை உள்ளே விட்டார். வாக்கியம் இரண்டு வரியாகி, மூன்றாவதாக வழிந்தது. 'வரிசை' என்ற சொல்லைக் கணினி நடுவில் முறித்து, 'வரி'யை ஒரு வரியிலும் 'சை'யை அடுத்த வரியிலும் போட்டிருந்தது.

அவர் சிரித்துவிட்டார். "பாருங்க, சைன்னு துப்புது. நல்லாத்தான இருக்கு?"

"படிக்கிறவங்க அச்சுப் பிழைன்னுதான் நெனப்பாங்க" என்றாள் பொற்கொடி. ஒரு நொடி அவளுக்கும் ஆசை வந்ததை அவரிடம் சொல்லவில்லை.

தேவசகாயம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒரு வரிதான் இடம். எழுத்தச் சின்னதாக்காத, வயசானவங்க படிக்கிற பேப்பர். இப்படிப் போடு: 'வரி செலுத்தியும் வரிசையில் மக்கள்.' கச்சிதமா இருக்கும்."

ரஹ்மத்துல்லா தட்டச்சு செய்தார். ஒரே வரியில் அழகாக உட்கார்ந்தது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

"சார், இது செத்துப்போச்சு" என்றாள் பொற்கொடி.

"என்ன செத்துச்சு? வரி இருக்கு, வரிசை இருக்கு."

"கட்டுறது இல்லையே சார். வரியையும் கட்டுறோம், வரிசையையும் கட்டுறோம். ஒரே வினைதான் ரெண்டையும் பிடிச்சு நிறுத்துது. செலுத்துறதுன்னு மாத்துனா அந்தக் கயிறு அறுந்துரும்."

"பேப்பர் நடைல வரி செலுத்துறதுதான்மா."

"போன தடவையும் நம்ம நடையத்தான் காப்பாத்துனோம்."

தேவசகாயத்தின் முகம் இறுகியது. அந்தத் திருத்தத்தைச் செய்தது யாரென்று அவள் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே தெரிந்தது. "பத்து நிமிஷம்" என்றார். "அதுக்குள்ள வரலேன்னா என்னோடது போகும்."

பொற்கொடி அச்சடித்த தாளைத் திருப்பி வைத்து எழுதினாள். படத்திலேயே குடம் இருக்கிறது, 'தண்ணீர்' வேண்டாம், இரண்டு இடத்திலும் போகட்டும். நிற்பதும் படத்தில் தெரிகிறது, 'நிற்கிறோம்' வேண்டாம். 'இப்போது'வும் வேண்டாம், காலத்தை வினை சொல்லிவிடும். 'ஒழுங்காக' என்பதன் மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இருளப்பனின் கோபம் அதில்தான் இருந்தது. அடித்தாள்.

'வரி கட்டினோம், வரிசை கட்டுகிறோம்.'

ரஹ்மத்துல்லா போட்டுப் பார்த்தார். கடைசியில் 'றோம்' மட்டும் கீழே விழுந்தது.

'கட்டியது வரி, கட்டுவது வரிசை' என்று எழுதினாள். இது கொண்டது. விளம்பரப் பிரிவு சகுந்தலா அக்கா அஞ்சலிப் படத்தைச் சரிபார்க்க வந்தவர், அங்கேயே நின்றிருந்தார். பொற்கொடி அவரிடம் திரையைக் காட்டினாள்.

"அக்கா, படிங்க. ஒண்ணும் யோசிக்காம."

சகுந்தலா படித்தார். "வீடு கட்டுறத பத்தியா?"

பன்னிரண்டு எட்டு. 'கட்டுவது' என்று யார் பேசுகிறார்கள்? பொற்கொடி மறுபடி படத்தைப் பார்த்தாள். ரசீதோடு நிற்கிற பெண்ணின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். பேசுகிறவள் 'கட்டுகிறோம்' என்று சொல்ல மாட்டாள்.

"அண்ணே, போடுங்க. வரி கட்டுனோம், காற்புள்ளி, வரிசை கட்டுறோம். மேற்கோள் குறிக்குள்ள."

ஓர் எழுத்துதான் குறைந்தது. அது போதுமாக இருந்தது. வரி ஓரத்தை ஒட்டி நின்றது.

சகுந்தலா படித்தார். முதலில் உதடு அசைந்தது, பிறகு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. "எங்க தெருவும் இதேதான்" என்றார்.

தேவசகாயம் வந்து குனிந்து பார்த்தார். "கொச்சைல போடக்கூடாதுன்னு விதி இருக்கு."

"படத்துக்கு நாம சொல்றதா இருந்தா கூடாது சார். இது அந்தப் பொம்பள சொல்றது. அதுக்குத்தான் மேற்கோள்."

அவர் வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மணியைப் பார்த்தார். "இருளப்பன் கேட்டா?"

"நான்தான் வெட்டுனேன்னு சொல்றேன்."

"அனுப்பு."

பக்கம் போய்விட்டது. பொற்கொடி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு மூடினாள். 'ஒழுங்காக' என்ற சொல் அடிபட்டுக் கிடந்த தாள் மேசையில் அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு இருளப்பன் கூப்பிட்டார். "என் வரிய யாரு வெட்டுனது?"

"நான்தான் சார்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ போட்டேன் சார். நீங்க எடுக்கல."

"ஸ்கேன் எடுக்குற எடத்துல போன வாங்கி வெச்சுட்டானுக. வீட்டுக்காரிக்கு முட்டி." பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. "ஒழுங்காகன்னு போட்டிருந்தேன். அத ஏன் எடுத்த? ஒழுங்காக் கட்டுனவனுக்குத்தான வலி?"

"இடம் இல்ல சார். அதுவா, ரெண்டாவது 'கட்டு'வான்னு வந்துச்சு."

தாள் மடிக்கிற ஓசை வந்தது. பிறகு போனுக்கு அப்பால் அவர் யாருக்கோ படித்துக் காட்டினார்: "வரி கட்டுனோம், வரிசை கட்டுறோம்." ஒரு பெண் பெரிதாகச் சிரித்து, சிரித்ததால் முட்டி வலித்து, "ஐயோ" என்றாள்.

"எனக்கு இன்னும் அந்த 'ஒழுங்காக'தான் வேணும்" என்றார் இருளப்பன், போனுக்குத் திரும்பி வந்து. "நாளைக்குப் படம் பத்து மணிக்கு வரும். எவ்வளவு இடம்னு காலைலயே சொல்லிரு."

பொற்கொடி சரி என்றாள். போனை வைத்த பிறகுதான் தன் பசி அவளுக்குத் தெரிந்தது.