கருகின ஆரஞ்சு

இணையத் துணிக்கடையில் ஒவ்வொரு சட்டையின் விவரத்தையும் பக்கத்தில் ஏற்றுவது என் வேலை. நிறத்துக்கு டிசைனர் அனுப்புவது வெறும் கணினிக் குறியீடு: CC5500. இதுவரை அதையே போட்டு வந்தோம்; அன்று முதல்முறையாக அதற்கொரு பெயர் எழுத உட்கார்ந்தேன்.

"அதான் படம் இருக்கே, பேரு எதுக்கு?" என்று மேனேஜர் சிடுசிடுத்தார்.

"படம் எல்லாருக்கும் ஒரே மாதிரியா தெரியுது?" என்று நானும் எரிந்து விழுந்தேன்.

முதல் இரண்டு எழுத்து சிவப்பு: நிறைய, ஆனால் முழுசாக இல்லை. அடுத்த இரண்டு பச்சை: கொஞ்சம். கடைசி இரண்டு நீலம்: துளியும் இல்லை. அப்படியென்றால் ஆரஞ்சு, சற்று இருண்டது. 'கருகின ஆரஞ்சு' என்று போட்டேன்.

மறுநாள் ஒரு பெண் கடைக்குப் போன் செய்தார்.

"எனக்குக் கண் தெரியாதுங்க. திரையில இருக்கிறதை போன்தான் படிச்சுச் சொல்லும். இத்தனை நாளா உங்க கடைன்னா வெறும் நம்பரா வாசிக்கும், தங்கச்சியத்தான் தொல்லை பண்ணுவேன். இன்னைக்கு அவளுக்கே நானா ஒரு சட்டை எடுத்துட்டேன். ரொம்ப நன்றிங்க. அந்தக் கருகின ஆரஞ்சு நேர்ல நல்லா இருக்குமா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியலைங்க. பிறவியிலேயே எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. நானும் நம்பரைப் படிச்சுத்தான் பேரு வெக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப தங்கச்சி போட்டதும் எப்படி இருக்குன்னு கேட்டு, உங்களுக்கும் சொல்றேன்."