பார்த்ததற்கும் பதிவு உண்டு

மடவளை ஊர் றமீலாவுக்குக் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுண்டரில் வேலை. நோயாளியின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். அதற்கு மேல் அவளுடைய கணினியில் எதுவும் திறக்காது, திறக்கவும் கூடாது.

பால்வினை நோய்க் கிளினிக்கின் கிளார்க் லீவில் போனபோது, இரண்டு வாரம் அந்த வேலையை இவள் பார்த்தாள். அதற்காகக் கிளினிக் அனுமதியையும் அவள் பெயரில் சேர்த்தார்கள். கவுண்டருக்குத் திரும்பியதும் அதை எடுத்துவிட வேண்டும். கிளினிக் அறிவிக்கவில்லை, கணினிப் பிரிவும் கேட்கவில்லை. கிளினிக் பட்டன் திரையில் அப்படியே கிடந்தது. கணினிப் பிரிவு லெட்சுமணனுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்திருந்தால் அன்றே போயிருக்கும். இவளும் எடுக்கவில்லை.

அந்த மாதம்தான் அக்குறணை அஸீம் வீட்டார் தங்கை ஸனாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸனாவுக்குப் பிடித்துவிட்டது, கேட்காமலே முகம் சொன்னது. மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது ஊர் வழக்கம். றமீலா ஐந்தாவதாக ஓர் இடத்தில் விசாரித்தாள். பெயரையும் விலாசத்தையும் தட்டி, அந்தப் பட்டனை அழுத்தினாள்.

திறந்தது. ஒரே ஒரு வருகை: எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் எடுத்திருந்தது. முடிவு டாக்டருக்கு மட்டும் திறக்கும். மனதுக்குப் பூட்டு ஏது? முடிவை அவளே எழுதிக்கொண்டாள்.

"உம்மா, இந்த இடம் வேணாம். ஏனென்டு மட்டும் கேக்காதீங்க."

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் சொன்னால் உம்மா மறுபேச்சுப் பேசுவாரா? கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த மாதம் லெட்சுமணன் அவள் முன் ஒரு தாளை வைத்தார். அவளுடைய பெயர், கணினி இலக்கம், நேரம், திறந்த பக்கம், எல்லாம் அதில் இருந்தன.

"நான் ஒண்டையும் மாத்தல்லையே!"

"மாத்த வேணாம் மிஸ். பாத்தாலே பதிவாகும். அன்னைக்கு உங்களுக்குக் கிளினிக் டியூட்டி இல்ல, அந்த நோயாளிக்கும் வருகை இல்ல. கணினிப் பதிவுகளோட மாசச் சோதனையில அதுதான் பிடிபட்டுச்சு."

கண்ணை மூடிய பூனைக்கு உலகம் இருண்டுதான் இருந்தது. பழைய காகிதக் கோப்பில் இந்தத் தொல்லை கிடையாது.

விதிப்படி அஸீமுக்கும் அறிவித்தார்கள். விசாரணைக்கு வந்தவர், வராந்தாவில் அவளைக் கண்டு நின்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ராத்தா, கலியாணத்துக்கு முன்னுக்கு ரெண்டு பேரும் செக் பண்றது நல்லமென்டு பள்ளிவாசல் பயான்ல சொன்னாங்க. ஒங்கட தங்கச்சியப் பாத்துட்டுப் போன மறுநாளே வந்து செஞ்சேன். எனக்கு ஒண்டுமில்ல. எனக்கிட்டயே கேட்டிருக்கலாமே."

வேறு இடத்தில் தனக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டதையும் சொல்லிவிட்டுப் போனார்.

பெண் பார்த்ததற்கு மறுநாள் திகதி அன்றைக்கே திரையில் இருந்தது. அவள்தான் பரிசோதனையின் பெயருக்குக் கீழே படிக்கவில்லை. படித்திருக்கக் கூடாததை அரைகுறையாகப் படித்தாள் பாவி!

எச்சரிக்கைக் கடிதத்தைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீடு வந்தாள். ஸனா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ராத்தா, இப்பவாவது சொல்லுங்களே. அவருக்கிட்ட என்ன கொற கண்டீங்க?"

"அவருக்கிட்ட ஒரு கொறையும் இல்ல. கொற எனக்கிட்டதான்."

"அப்ப ஏன் வேணாமென்டீங்க?"

அதற்குப் பதில் சொல்வதென்றால் அந்த மனிதரின் பதிவை இன்னொரு தடவை திறக்க வேண்டும். இந்த முறை றமீலா அதைத் திறக்கவில்லை. ஸனா உள்ளே போய்விட்டாள்.