சிவப்புப் பலகை

இங்கிலீஷ்காரனுக்குப் பயம் அதிகமோ என்னவோ, ஒரே பயத்துக்கு ஐந்து பெயர் வைத்திருக்கிறான். டேஞ்சர், ஹசார்டு, ரிஸ்க், திரெட், பெரில். எங்கள் கல் கம்பெனி ஹெட் குமாஸ்தா பாலசுந்தரம் அந்த ஐந்தையும் என்னிடம் படித்துக் காட்டி, "இதுக்கெல்லாம் தமிழ்ல தனித்தனியா ஒரு வார்த்தை சொல்லப்பா, வேலுசாமி. துரை கேக்கறாரு" என்றார்.

நான் போர்டு எழுதுகிறவன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக்கடைக்கும் சோடாக் கடைக்கும் எழுதிக்கொண்டிருந்தவனை, சூரமங்கலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிற கரட்டுக் குன்றுக்குக் கூட்டி வந்து மாதச் சம்பளத்தில் உட்கார வைத்தார்கள். சுரங்க இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், அதற்குள் எங்கு பார்த்தாலும் பலகை இருக்க வேண்டும் என்று உத்தரவு.

"அஞ்சு எதுக்குங்க?" என்றேன். "போனா உயிர் போயிரும்ங்கற எடத்துக்கு ஒண்ணு. பாத்துப் போனாப் பொழைச்சுக்கலாம்ங்கற எடத்துக்கு ஒண்ணு. ரெண்டு போதும்."

"பெரிலுக்குக் கண்டம்னு போடலாமா?"

"போடுங்க. அப்பறம் கெளி ஜோசியக்காரன் வந்து பலகைக்கு அடியில கடை போட்டுக்குவான்."

அவர் சிரித்துவிட்டுத் துரையிடம் போனார். துரையும் கெட்டவர் இல்லை. இரண்டு போதும் என்றே ஒப்புக்கொண்டார். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'அபாயம்', மேலே மண்டையோடு. அது நிற்கிற இடத்துக்கு ஒருவரும் போகக் கூடாது, அந்தத் தட்டில் வேலையே கிடையாது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ஜாக்கிரதை'. அங்கே பார்த்து வேலை செய்யலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் நிறம் புரியும் அல்லவா. கரட்டைப் படிப்படியாக வெட்டி இறக்கியிருப்பார்கள், அந்தப் படிகளைத்தான் தட்டு என்போம். சிவப்பை நடுகிற உரிமையும் பிடுங்குகிற உரிமையும் வெடிக்காரர் காளியப்பனுக்கு மட்டும்தான். இதைவிடத் தெளிவாக ஒரு ஏற்பாடு செய்ய முடியாது என்று நான்கூட மீசையைத் தடவிக்கொண்டேன்.

முதல் மாதம் அது நன்றாகத்தான் நடந்தது. சிவப்பைக் கண்டால் பெண்கள் கூடையோடு அப்படியே நின்றுவிடுவார்கள். என் தங்கை அத்தாயி மூன்றாம் தட்டில் கல் உடைத்துப் பொறுக்குகிறவள். அவளே ஒருநாள், "அண்ணா, உன் மண்டையோட்டைப் பாத்தா எனக்கு வவுறு கலங்குது, அதுக்குப் பல்லு எதுக்கு இத்தனை வெச்சே?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நெருங்கியது. மேஸ்திரி மருதாசலத்துக்கு உதறல் எடுத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சிவப்புப் பலகை கேட்டார்.

"தண்ணித் தொட்டியில என்னங்க அபாயம்?"

"எவனாச்சும் உள்ளார உழுந்துட்டா?"

"அதுக்கு மஞ்சள் போதுமுங்க."

"மஞ்சள் போட்டு எவனாச்சும் உழுந்தா, ஏண்டா சிவப்புப் போடலேன்னு என்னையத்தான் கேப்பாங்க. சிவப்புப் போட்டுட்டா என் பொறுப்பு உட்டுது. எழுதுப்பா!"

அதுதான் சங்கதி. சிவப்பு எழுதினால் மேஸ்திரி பொறுப்பு விட்டது, குமாஸ்தா பொறுப்பு விட்டது, துரை பொறுப்பும் விட்டது. தொட்டிக்கு அபாயம். ஆபீஸ் படிக்கு அபாயம். சூளைக்கு, சாமான் கொட்டகைக்கு, ஏன், கழுதை கட்டுகிற இடத்துக்குக்கூட அபாயம். பாலசுந்தரத்திடம் போய் முட்டிக்கொண்டேன். "ஏனுங்க, எல்லாத்துக்கும் அபாயம்னா வெடிக்குழிக்கு என்னன்னு எழுதறது?" அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கும் அதையே எழுதேன், வேண்டாங்கறது யாரு?" என்றார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்கலாம். கூலிக்காரன், வாயை மூடிக்கொண்டு தூரிகையை எடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார், பலகைகளைப் பார்த்தார், பேஷ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பலகைகள் அப்படியே நின்றன. மண்டையோட்டின் நிழலில் உட்கார்ந்து ஜனங்கள் கம்மங்கூழ் குடித்தார்கள். தொட்டியில் குளித்தவர்கள் பலகையின் மேல் துணியைக் காயப்போட்டார்கள். அத்தாயி தன் சோற்று மூட்டையை நாய் எட்டாதபடி ஏதாவது ஒரு சிவப்புப் பலகையின் ஆணியில்தான் மாட்டி வைப்பாள். "இப்பெல்லாம் வவுறு கலங்கலையா?" என்றேன். "போண்ணா, அது நம்மூட்டு ஆளு மாதிரி ஆயிப்போச்சு" என்றாள். எனக்குப் பகீர் என்றது. யாரிடம் சொல்ல?

ஆடி மாதம் வந்தது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம், சாயங்காலம் எல்லாரும் இறங்கின பிறகு, காளியப்பன் வழக்கம்போல மூன்றாம் தட்டில் குழிகளுக்குத் திரி வைத்தார். வைத்தவர் தூரப் போய் நின்று வெடிச் சத்தத்தை எண்ணுவார். எத்தனை திரியோ அத்தனை சத்தம் கேட்டாக வேண்டும். அன்றைக்கு ஒரு சத்தம் குறைந்தது. ஒரு குழி வெடிக்காமல் நின்றுவிட்டது. மேலே இருந்த கல் சரிந்து எந்தக் குழி என்றும் தெரியவில்லை. அப்படி நின்ற குழியைத் தோண்டவே கூடாது. சரிந்த கல்லை வெடிக்காரர் தன் கண் முன்னால் மெல்லக் கையால் எடுக்கச் சொல்லிக் குழியைக் கண்டுபிடிப்பார். பிறகு அதற்கு ஓரடி தள்ளி வேறு குழி போட்டு, புது வெடிமருந்து வைத்து, இரண்டையும் சேர்த்து வெடித்துத் தள்ளுவார். அதுவரை தட்டு மூடல். அவர் சிவப்புப் பலகையை நட்டுவிட்டு, மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காலையில் நான் பெயிண்ட் டப்பாவோடு வரும்போது மூன்றாம் தட்டு ஜனம் முழுக்கக் கீழே நின்றது. காளியப்பன் இன்னும் வரவில்லை. துரை ஏற்காட்டில். தட்டு மூடினால் அன்றைக்குக் கூலி இல்லை, பண்டிகையோ தலைக்கு மேல் நிற்கிறது. மேஸ்திரிக்கோ ரயில் வண்டிக்குக் கல் குறைகிறதே என்ற கவலை. கடப்பாரைக்காரன் மாரிதான் முதலில் கேட்டான்: "மேஸ்திரி, எந்தப் பலகைதானுங்க சிவப்பு இல்லே? கழுதைக்கொட்டாயிலயும் அதேதான் நிக்குது."

மருதாசலம் கரட்டைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார். "செரி, அத ஜாக்கிரதைன்னு வெச்சுக்குங்க. ஓரமாக் கெடக்கற கல்லை மட்டும் எடுங்க. பாத்து வேலை செய்யோணும், ஆமா!" என்றார்.

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "மேஸ்திரி, அது காளியப்பன் நட்ட பலகை! இது நெசம்!" என்று கத்தினேன். இது நிஜம் என்று ஒரு பலகையைக் காட்டிச் சொல்ல வேண்டிய கதிக்கு வந்துவிட்டேன், பாருங்கள்.

"நீ எழுதுனதுதானப்பா எல்லாமே. அப்ப மத்ததெல்லாம் பொய்யா?" என்றார் மேஸ்திரி. ஜனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஏறியது.

நான் ஓடிப்போய் அத்தாயியின் கூடையைப் பிடித்துக்கொண்டேன். "சாமி, நீ போவாதே. இன்னிக்கு ஒரு நாளு. சொன்னாக் கேளு."

"உடுண்ணா. எல்லாரும் போறப்ப நா மட்டும் ஊட்டுக்குப் போனா நாளைக்கு என் எடத்துல வேற ஒருத்தியை வெச்சுருவாரு. ஓரமாத்தான நிப்பேன்." கூடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பலகையைச் சுற்றிக்கொண்டு போனாள். சோற்று மூட்டையைப் போகிற போக்கில் அந்தப் பலகையிலேயே மாட்டினாள். எத்தனை மாதப் பழக்கம், கை தானாகப் போயிற்று.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சொல்வார்கள். நான் காளியப்பனைக் கூட்டி வர ஊருக்குள் ஓடினேன். பாதி வழியில் அவரே எதிரே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கரட்டில் அந்த ஒரு சத்தம் கேட்டது. காளியப்பன் என்னைத் தள்ளிவிட்டுக் கரட்டைப் பார்த்து ஓடினார்.

ஓரத்துக் கல்லைப் புரட்ட மாரி போட்ட கடப்பாரை, கல்லுக்கு அடியில் நின்ற மருந்தின் மேல் இறங்கியிருந்தது. மாரி அங்கேயே போய்விட்டான். அத்தாயி பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது இரண்டு கண்ணும் இல்லை.

விசாரணைக்கு நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் அந்தப் பலகையையே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. என் எழுத்தாயிற்றே, பளிச்சென்று இருந்தது.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க."

"படி."

"அபாயம்."

"இதற்கு என்ன அர்த்தம்?"

"போவக் கூடாதுங்க. போனா உயிருக்கு..." கமிஷனர் பக்கம் திரும்பினேன். "எசமான், இதே வார்த்தையைத் தொட்டிக்கும் கழுதைக்கொட்டாய்க்கும் எழுதச் சொன்னாங்க. மேஸ்திரி இதை ஜாக்கிரதைன்னு வெச்சுக்கச் சொன்னாருங்க."

மேஸ்திரியைக் கேட்டார்கள். அபாயம் என்றுதான் கத்தினேன், ஜனம் மீறி ஏறியது என்றார். ஜனத்தைக் கேட்டார்கள். தினமும் அபாயம் அபாயம் என்று கேட்டுக் கேட்டு, அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்றே பாதிப் பேருக்கு நினைவில்லை. நினைவிருந்தவர்கள் வேலையை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்னைப் பார்த்து வக்கீல், "நீ அவளுக்கு அண்ணன்தானே?" என்றார். அதோடு என் சாட்சி முடிந்தது.

சட்டம் ஒன்று இருக்கிறதாம். எச்சரிக்கையை வேண்டுமென்றே மீறிக் காயம்பட்டவருக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் செத்துப்போனால் மீறியதைப் பார்க்க மாட்டார்கள், கொடுத்தே ஆக வேண்டும். மாரியின் பெண்சாதி பெரியநாயகிக்குக் கொடுத்தார்கள். அத்தாயிக்கு இல்லை. பாலசுந்தரம் என் தோளைத் தொட்டு, "என்ன பண்றது வேலுசாமி, பொழைச்சுட்டாளே" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அத்தாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே என்னைத் தெரிந்துகொண்டாள்.

"என்ன கேட்டாங்கண்ணா?"

"பலகையைப் படிக்கச் சொன்னாங்க சாமி."

"படிச்சயா?"

"படிச்சேன்."

அவளுக்குக் கிடைக்காத நஷ்டஈட்டைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரிஞ்சுதா? அழியாம இருந்துதா?"

"நல்லாத் தெரிஞ்சுது, ஆத்தா" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் துரையின் உத்தரவு வந்தது. பழைய பலகையெல்லாம் போதாது, ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு மடங்கு பெரிதாக எழுத வேண்டுமாம். வீட்டில் இப்போது சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். சிவப்பு டப்பாவைத் திறந்தேன்.