விடியல் வானத்தில் வரிகள்

மதியம் இரண்டு மணி. மாலை கல்யாண வரவேற்பில் இந்த வீடியோ பெரிய திரையில் ஓடவேண்டும்.

கரையான்சாவடி ஸ்டூடியோவில் பரத் எக்ஸ்போர்ட் செய்த கோப்பை மறுபடி ஓட்டினான். திரையில், விடியற்காலைத் திருநின்றவூர் ஏரிக்கரையில் மணமகள் கிருஷ்ணப்பிரியாவும் அவளுடைய அப்பாவும் நின்றார்கள். பின்னால் வானம் வரிவரியாகப் பிரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே எடுத்த காட்சி; எடுத்த சில மாதங்களில் அப்பா இறந்துவிட்டார்.

"கலரை நாலு புள்ளிக்கு ஒண்ணுன்னு கொறச்சேனே, அதாலயா?" என்று கேட்டான் பரத்.

"அது பொடவ ஓரத்த மங்க வெக்கும், அவ்ளோதான்," என்றான் கூட்டாளி தினகரன். "வரி வர்றது எட்டு பிட்டால மாமே. கேமரா பத்து பிட்டுல ஒவ்வொரு நெறத்துக்கும் ஆயிரத்துச் சொச்சம் படி குட்த்துச்சு. நீ இருநூத்தம்பத்தாறா சுருக்கிட்ட. அம்மாம் பெரிய வானத்துக்கு அது எப்டி பத்தும்?"

"வரிய மறைக்க கிரெய்ன், பொடிப் புள்ளி தூவிப் பாத்தேன். அடியில வரி தெரியுது."

"எக்ஸ்போர்ட் மேல தூவுனா? ஒரிஜினல்ல தூவிட்டு அப்புறம் எட்டுக்கு எறக்கு. வரியே வுழாது. ஒரிஜினல எட்றா."

பரத் காலியாக இருந்த டிஸ்கைத் திறந்து காட்டினான். எக்ஸ்போர்ட் முடிந்ததும் ஒரிஜினலை அழித்து, அடுத்த கல்யாணத்துக்கு டிஸ்கைக் காலிசெய்வது அவன் வழக்கம்.

"அடப்பாவி," என்றான் தினகரன்.

பரத்தின் போன் அடித்தது. கிருஷ்ணப்பிரியா.

"அண்ணா, அப்பா நிக்கிற சீன் நல்லா வந்துகீதா?"