நூற்றிருபதா, எழுநூற்றிருபதா?

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு நின்றுபோன காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நகை இல்லை, நாத்தனார் இல்லை, குடி இல்லை. ஒரு வட்ட மேசை. அதுவும் கேள்வித்தாளில் இருந்த வட்ட மேசை.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே கணிதத் துறையில் பாடம் எடுக்கிறோம். இந்தப் பருவத் தேர்வுக்கு முதலாண்டுக் கேள்வித்தாளைத் தயாரித்தது நான். அதில் ஒரு சின்னக் கேள்வி: 'ஒரு வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் எத்தனை விதமாக உட்காரலாம்?' விடை நூற்றிருபது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்தப் பாடத்தை நான் கரும்பலகையில் நடத்துவதில்லை. ஆறு பேரைக் கூப்பிட்டு வகுப்பின் முன்னால் வரிசையாக நிற்கவைப்பேன். முதல் இடத்துக்கு ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் வரலாம். அடுத்த இடத்துக்கு மிச்சம் ஐந்து பேரில் ஒருவர், அதற்கடுத்து நாலு பேரில் ஒருவர், இப்படியே போய்க் கடைசி இடத்துக்கு ஒரே ஒருவர். பெருக்கினால் எழுநூற்றிருபது. பிறகு ஆறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அவர்களையே உட்காரவைத்து, "எல்லாரும் எழுந்து இடப்பக்கத்து நாற்காலிக்கு மாறுங்க" என்பேன். வகுப்பே கூச்சலில் குலுங்கும். அடங்கியதும் கேட்பேன்: "உன் இடப்பக்கம் யாரு? வலப்பக்கம் யாரு? யாராவது மாறினாங்களா?"

மாறியிருக்க மாட்டார்கள். வரிசையில் அப்படி நகர்ந்தால் ஒரு முனையில் நின்றவர் மறுமுனைக்கு ஓடவேண்டும், அது வேறு வரிசையாகிவிடும். வட்டத்துக்கு முனை ஏது? எத்தனை தடவை நகர்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் பக்கத்திலேயே இருப்பார். வரிசையில் ஆறு என்று எண்ணியதெல்லாம் வட்டத்தில் ஒன்றுதான். எழுநூற்றிருபதை ஆறால் வகுத்தால் நூற்றிருபது. இதில் சண்டைக்கு எங்கே இடம்?

இடம் கண்டுபிடித்தார் எங்கள் வீட்டுக்காரர். விடைத்தாள்களில் பாதியைத் திருத்தியது அவர். எழுநூற்றிருபது என்று எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் போட்டுவைத்தார். ஏன் என்று துறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"நாற்காலியெல்லாம் ஒண்ணுன்னு கேள்வியில எங்கேயும் சொல்லலையே? ஒரு நாற்காலி ஜன்னலோரமா இருந்தா? ஜன்னல் பக்கம் நீ உட்காருறதும் நான் உட்காருறதும் வேற வேறதானே?"

"என் கேள்வியில ஜன்னலே இல்ல."

"இல்லைன்னும் சொல்லலையே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. போன வாரம்தான் அதே கேள்வியை வீட்டில் வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று தலையாட்டியவர் இவர். அப்போது இல்லாத ஜன்னல் இப்போது எங்கிருந்து முளைத்தது? கட்டிய புருஷனே நாலு பேர் முன்னால் காலை வாரிவிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? நூற்றிருபது மட்டும்தான் சரி என்று துறைத்தலைவர் வாயால் வரும்வரை இந்த மனுஷனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து வீட்டில் எங்கள் மகள்தான் தூதர். "அம்மா, தண்ணி வரலையான்னு அப்பா கேக்குறாரு." "மோட்டார் போடணும்னு தெரியாதான்னு அப்பாகிட்ட கேளு." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். இரண்டாம் நாளே மகள், "எனக்குப் பரீட்சை இருக்கு, வேற ஆளைப் பாருங்க" என்று கும்பிடு போட்டுவிட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேனே, கஷ்டப்பட்டது நான்தான். ராத்திரி பாத்திரம் கழுவும்போது வகுப்பில் நடந்த கூத்தையெல்லாம் அவரிடம் கொட்டுவது என் பழக்கம். இப்போது யாரிடம் கொட்டுவது? குழாயிடம் கொட்டினேன்.

துறையில் நல்லவேளையாக நீளமேசை இருந்தது. சுவரை ஒட்டிப் போட்ட மேசைக்கு முன்னால் ஆறு பேரும் வரிசையாக உட்காருவோம். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர், நடுவில் நாலு பேர். முகம் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

அதற்கும் வந்தது வேட்டு. ஒரு காலையில் நீளமேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முதல்வர் அறையில் வேண்டாம் என்று கழித்த வட்ட மேசை ஒன்றும், கையில்லாத நாற்காலிகள் ஆறும் எங்கள் தலையில் கட்டப்பட்டன.

"மேடம், உங்களுக்கு நேரம் சரியில்ல" என்றார் பக்கத்தில் நின்ற புள்ளியியல் சார். எந்தத் துக்கத்துக்கும் அவரிடம் ஒரு விகிதம் இருக்கும். "சீட்டுக் குலுக்கிப் போட்டு உட்கார்ந்தா, வரிசையில நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல வர்ற வாய்ப்பு மூணுல ஒண்ணு. வட்டத்துல அஞ்சுல ரெண்டு. கோடின்னு ஒண்ணு இல்லாததால எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் ஆள் உண்டு பாருங்க."

"ரொம்ப ஆறுதலா இருக்கு சார்."

அன்று மதியமே துறைக் கூட்டம். அந்தக் கேள்விக்கு எந்த விடைக்கு மதிப்பெண் என்று தலைவர் அம்மா முடிவு சொல்லப்போகிறார். நான் வகுப்பை முடித்து ஓட்டமும் நடையுமாக வந்தபோது ஐந்து பேர் உட்கார்ந்தாயிற்று. ஒரே ஒரு நாற்காலி மிச்சம். அதற்கு வலப்பக்கம் என் வீட்டுக்காரர். இடப்பக்கம் வடிவியல் மேடம். வடிவியல் மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. நான் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

உட்கார்ந்தேன். உச்சந்தலையில் சொட்டென்று ஒன்று விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு நேர்மேலே சுவரில் ஏசி. அதன் வாயோரம் அடுத்த சொட்டு தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ மேடம், அந்த ஏசி ஒழுகும்" என்றார் வடிவியல் மேடம். "என் நாற்காலிக்கு மாறிக்கிறீங்களா?"

வாய் வரைக்கும் 'ஆமாம்' வந்துவிட்டது. அதற்குள் மூளை விழித்துக்கொண்டது. இப்போது நான் வேறு நாற்காலி கேட்டால் என்ன அர்த்தம்? நாற்காலிக்கு நாற்காலி வித்தியாசம் உண்டு என்று அர்த்தம். வித்தியாசம் உண்டென்றால் எழுநூற்றிருபது. என் வாயாலேயே நான் தோற்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மேடம்?" என்றேன் சிரித்த முகமாக. "வட்ட மேசையில எல்லா நாற்காலியும் ஒண்ணுதானே?"

சொட்.

தலைவர் அம்மா தொண்டையைக் கனைத்தார். "சரி, சொல்லுங்க. ஏன் நூத்தி இருபது மட்டும்தான்?"

சொல்ல ஆரம்பித்தேன். வரிசைக்கு முனை உண்டு, சொட், வட்டத்துக்கு முனை இல்லை, சொட், நாம் பார்க்கவேண்டியது யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை மட்டும்தான், சொட், சொட். தண்ணீர் காதோரமாக வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. விடைத்தாள் கட்டை மடியில் மறைத்துக்கொண்டேன். புள்ளியியல் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணுவது தெரிந்தது.

"மேடம், முழுசா நனைஞ்சுட்டீங்க" என்றார் தலைவர் அம்மா.

"பரவாயில்ல மேடம். வெயிலுக்கு இதமா இருக்கு." பல் தந்தியடித்தது.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். எதையோ சொல்லி என்னை மடக்கப்போகிறார் என்று நினைத்து நான் தயாரானேன்.

"மேடம், ஒரு சின்னப் பரிசோதனை" என்றார் தலைவரிடம். "எல்லாரும் எழுந்து இடப்பக்கத்து நாற்காலிக்கு மாறுங்களேன்."

அது என் வகுப்பு வித்தை. என்னிடமே திருடியிருக்கிறார். ஆறு பேரும் நாற்காலிகளில் இடித்துக்கொண்டும் முட்டிக்கொண்டும் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்தோம். நான் வடிவியல் மேடத்தின் காய்ந்த நாற்காலிக்கு வந்தேன். என் நாற்காலியில், ஏசிக்கு நேர்கீழே, அவர் உட்கார்ந்தார்.

"இப்போ பாருங்க" என்றார். "இவங்களுக்கு வலப்பக்கம் நான்தான். இடப்பக்கம் அதே மேடம்தான். யாருக்கும் பக்கத்து ஆள் மாறல. அதே உட்காரல்தான். நான் சொன்னது தப்பு. நூத்தி இருபதுதான் சரி."

சொட். அவருடைய வழுக்கையில் விழுந்த சொட்டு நாலாபக்கமும் தெறித்தது. அவர் அசையவில்லை. கைகட்டி உட்கார்ந்திருந்தார், நல்ல பிள்ளை மாதிரி.

நான் ஜெயித்துவிட்டேன். எல்லார் முன்னாலும், அவர் வாயாலேயே. எத்தனை ராத்திரி குழாயிடம் புலம்பிக் காத்திருந்த வார்த்தை! ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த மனுஷனுக்குத் தலையில் ஈரம் பட்டால் ஆகாது. ஒரு தூறல் போதும், ஒரு வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிவார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்.

சொட். சொட். அவர் தும்மினார்.

"எழுந்திருங்க முதல்ல!" என்று கத்தினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? அந்த நாற்காலியும் இந்த நாற்காலியும் ஒண்ணா? தலையில தண்ணி கொட்டுறது தெரியல? வேற வேற நாற்காலிங்க அது! வேற வேற!"

என் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது.

"அப்போ எழுநூத்தி இருபதா மேடம்?" என்றார் புள்ளியியல் சார், மெதுவாக.

தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. "ரெண்டு பேரும் சரி, கேள்விதான் பாவம்" என்றார். "நாற்காலியெல்லாம் காய்ஞ்சிருந்தா நூத்தி இருபது. ஒண்ணே ஒண்ணு ஈரமா இருந்தாலும் போச்சு, நகர்ற ஒவ்வொரு தடவையும் வேற ஆள் நனையுறார், எழுநூத்தி இருபது. கேள்வியில அதைச் சொல்லாததால ரெண்டு விடைக்கும் மதிப்பெண் போட்டுடுங்க."

சரி என்று தலையாட்டினேன். என் கவனமெல்லாம் அவர்மேல் இருந்தது. எழுந்து நின்றவருக்கு உட்கார இடமில்லை. ஆறு பேர், காய்ந்த நாற்காலி ஐந்து. கைக்குட்டையை எடுத்து அவர் கையில் திணித்தேன். பிறகு என் நாற்காலியில் ஓரமாக நகர்ந்தேன்.

"வாங்க, உட்காருங்க."

"ஒரே நாற்காலியிலயா? எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்."

பாதி நாற்காலியில் பாதி விழுவதுபோல் அவர் உட்கார்ந்தார். அவர் தோளும் ஈரம், என் தோளும் ஈரம். புள்ளியியல் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடி மடக்கினார்.

"இதை எப்படி மேடம் எண்ணுறது?"

"எண்ண வேண்டாம் சார்" என்றேன்.