கைதட்டலுக்கு மூன்று வினாடி

பார்வையற்றவர்களுக்காகப் படங்களுக்குக் காட்சி விவரிப்பு எழுதுவதுதான் அவள் பிழைப்பு. விழாவுக்கு முன்பே பார்வை போயிருந்த அப்பாவின் பணி ஓய்வு விழா வீடியோவுக்கும் அவளே எழுதினாள். இரண்டு பேச்சுகளுக்கு நடுவே மூன்றே வினாடி கிடைத்தது. "எல்லோரும் கைதட்டுகிறார்கள்" என்று அவசரமாக எழுதி, குரலும் கொடுத்து முடித்துவிட்டாள்.

கேட்டு முடித்த அப்பா, "அந்தப் பய கடைசிவரைக்கும் வரல பாத்தியா" என்று, சண்டை போட்டுப் பிரிந்த நண்பரைக் கரித்துக்கொட்டினார். போன மாதம் அந்த நண்பர் இறந்தபோதும் அப்பா வீம்பாகப் போகவில்லை.

இன்று தற்செயலாக அந்த வீடியோவை மறுபடி ஓட்டினாள். கைதட்டலின்போது கடைசி வரிசையில் அந்த நண்பர் கண்ணைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"அவர் வந்திருந்தார்ப்பா. நான்தான் எழுதல."

அப்பா சொன்னார்: "கைதட்டினது எனக்கே கேட்டுச்சேம்மா. அதையா எழுதணும்?"